மாடலின் காலணியைப் படத்தில் மாற்றுவது: கணுக்கால், தரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஷன் படங்களில் ரீடச்சிங் செய்பவர்களும், அந்த வேலையைக் கொடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. பதில்கள் அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதால் ஒரே படத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சாம்பல் நிறக் காகிதப் பின்னணி. மாடல் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் நிற்கிறார். காலில் கணுக்காலை மூடும் தட்டையான பூட்ஸ், அடிப்பாகம் 2 செ.மீ. தடிமன். அதை எடுத்துவிட்டு 7 செ.மீ. ஹீல் வைத்த பம்ப்ஸ் போட வேண்டும். கேமரா 4 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில், சாய்க்காமல் நேராக இருந்தது. படத்தில் 1 செ.மீ. என்பது 20 பிக்சல்.

ஷூவை வெட்டி ஒட்டுற வேலைதானே, இதுக்கு ஏன் ஒரு நாள் ஆகுது?

வெட்டி ஒட்டுவது அரை மணி நேர வேலை. மீதி நேரம் ஷூவைச் சுற்றி இருப்பவற்றுக்குப் போகிறது. பூட்ஸைக் கழற்றினால் அதற்குள் மறைந்திருந்த கணுக்கால் தெரிய வேண்டும், ஆனால் அது படத்தில் இல்லை. ஹீல் உயர்ந்தால் பாதத்தின் சாய்வு மாறும், அதோடு கால் தரையைத் தொடும் இடமும் மாறும். பழைய பூட்ஸின் நிழல் தரையில் இன்னும் கிடக்கும்.

இதே பூட்ஸை இன்னொரு தட்டையான பூட்ஸுக்கு மாற்றச் சொன்னால் உண்மையிலேயே சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் நேரம் கேட்பதற்கு முன் இரண்டு ஷூவின் ஹீல் உயரமும் ஒன்றா, புதிய ஷூ பழையதை விட அதிகத் தோலைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புது ஷூவை எப்படி போட்டோ எடுக்கச் சொல்லணும்?

முக்கியமானது, கேமரா ஷூவை எவ்வளவு மேலிருந்து பார்க்கிறது என்பது. நம் உதாரணத்தில் 4 மீட்டருக்கு 90 செ.மீ. உயரம், அதாவது சுமார் 13 டிகிரி சாய்வான பார்வை. புதிய ஷூவையும் அதே தூரத்தில், அதே உயரத்தில் வைத்து எடுப்பதுதான் நல்லது. படத்தில் ஷூ சின்னதாக விழுகிறது என்று கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். லென்ஸை மாற்றி நெருக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் போனால் ஷூவின் முனை ஊதிப் பெரிதாகி, குதிகால் சிறுத்துவிடும். அந்தக் கோணலை அப்புறம் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது, ஷூவுக்குள் ஒரு கால் இருக்க வேண்டும். மாடலே வர வேண்டும் என்றில்லை. அதே அளவு கால் உள்ள யாராவது போட்டுக்கொண்டு, எடையை அதே காலில் ஊன்றி, அதே காகிதத்தின் மேல் நின்றால் போதும். வெளிச்சம் வரும் திசை முதல் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். முழங்கால் வரைக்கும் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது கணுக்கால் பற்றிய பதிலில் தெரியும்.

எங்கிட்ட வெள்ளைப் பின்னணியில எடுத்த கேட்டலாக் படம்தான் இருக்கு. அது போதாதா?

ஷூவின் கோணம் பொருந்தினால் பாதி வேலைக்குப் போதும். பெரும்பாலும் பொருந்தாது. கேட்டலாக் படத்தில் ஷூ காலியாக இருக்கும். கால் நுழைந்ததும் ஷூவின் வாய் லேசாக விரியும், பக்கத் தோல் இழுபடும், விரல் மடங்கும் இடத்தில் சுருக்கம் விழும். காலியான ஷூவில் இதெல்லாம் இருக்காது. அதை மாடலின் காலில் வைத்தால் கடை அலமாரியில் இருந்த பொருளைக் காலுக்கு முன்னால் பிடித்தது போலத்தான் இருக்கும்.

வேறு வழியே இல்லை என்றால், முழங்காலுக்குக் கீழே ஒரு தனிப் படமாவது எடுத்து வாங்குங்கள். அதே ஹீல் உயரமுள்ள வேறு எந்த ஷூவைப் போட்டு எடுத்தாலும் சரி. பாதத்தின் சாய்வும் தோலும் அதிலிருந்து கிடைக்கும்.

ஹீல் 7 செ.மீ.ன்னா மாடலை 7 செ.மீ. உயர்த்தணுமா?

இல்லை. இந்த ஒரு தவறால்தான் நிறையப் படங்கள் கெடுகின்றன. ஹீல்ஸ் போடும்போது முழுப் பாதமும் மேலே போவதில்லை. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேடு தரையிலேயே இருக்கும், அதை அச்சாக வைத்துக் குதிகால் மட்டும் மேலே சுழலும். கணுக்கால் மூட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அது குதிகால் அளவுக்கு உயராது.

கணக்காகவே பார்ப்போம். 24 செ.மீ. நீளமுள்ள பாதத்தில் குதிகாலிலிருந்து அந்த மேடு வரை சுமார் 17 செ.மீ. கணுக்கால் மூட்டு மேட்டிலிருந்து பின்பக்கமாக 12 செ.மீ., உயரத்தில் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பம்ப்ஸின் முன்பக்க அடிப்பாகம் அரை செ.மீ. தடிமன். ஆகவே குதிகால் மேட்டை விட ஆறரை செ.மீ. மேலே நிற்கிறது, பாதம் சுமார் 22 டிகிரி சாய்கிறது. அந்தச் சுழற்சியில் கணுக்கால் 4 செ.மீ. உயர்ந்து, விரல் பக்கமாக மூன்றரை செ.மீ. நகர்கிறது. ஆனால் பூட்ஸின் 2 செ.மீ. அடிப்பாகம் போய் அரை செ.மீ. வந்திருக்கிறது, அங்கே ஒன்றரை செ.மீ. குறைகிறது. மிச்சம், கணுக்கால் உண்மையில் ஏறுவது இரண்டரை செ.மீ. மட்டும். நம் படத்தில் 50 பிக்சல்.

முன்னோக்கிய நகர்வை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் கண்ணை அதிகம் உறுத்துவது. காலை அசைக்காமல் வைத்தால், புதிய ஷூவின் மேடு பழைய பூட்ஸின் மேடு இருந்த இடத்திலிருந்து சுமார் 70 பிக்சல் குதிகால் பக்கமாகப் பின்வாங்க வேண்டும். பழைய முனையோடு புதிய முனையைப் பொருத்திவிட்டு ஹீலை நிரப்பினால், மாடல் பின்னால் விழப்போவது போல இருக்கும்.

அப்போ மாடலை மேலே தூக்குறதா, தரையைக் கீழே இறக்குறதா?

சாதாரணக் காகிதப் பின்னணி என்றால் மாடலைத் தொடாதீர்கள். இரண்டு காலும் தரையைத் தொடும் இடத்தை 50 பிக்சல் கீழே வையுங்கள். தலைமுடியை மறுபடி மாஸ்க் செய்யும் வேலை மிச்சம். நம் கேமரா உயரத்தில் இந்த 50 பிக்சல் இறக்கம், மாடல் 11 செ.மீ. முன்னால் வந்து நிற்பதற்குச் சமம். கோடில்லாத காகிதத்தில் அது யாருக்கும் தெரியாது.

தரையில் ஓடு, மரப்பலகை, ஒட்டிய டேப் என்று ஏதாவது கோடு இருந்தால் தெரியும். அப்போது மாடலைத்தான் தூக்க வேண்டும். ஒரு காலை மட்டும் இறக்கிவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் கால் முக்கால்வாசி மறைந்திருந்தாலும் அதற்கும் இதே கணக்குதான்.

பழைய ஷூவை முதல்ல அழிக்கணுமா, மேலேயே புதுசை வைக்கலாமா?

முதலில் அழியுங்கள். கால் இல்லாத வெறும் தரை ஒன்று அடியில் தயாராக இருக்க வேண்டும். பம்ப்ஸ் பூட்ஸை விட ரொம்ப ஒல்லி. ஹீலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் உள்ள வளைவின் வழியாகத் தரை தெரியும். பூட்ஸை அழிக்காமல் விட்டால் அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும்.

ஷூட்டிங்கின்போதே மாடலை நகரச் சொல்லி ஒரு காலிப் படம் எடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால், பக்கத்துக் காகிதத்திலிருந்து Photoshop-இன் Clone Stamp கொண்டு எடுத்து நிரப்பி, அந்தப் பகுதியின் வெளிச்ச ஏற்ற இறக்கத்தைப் பெரிய மென்மையான பிரஷ்ஷால் சமன்செய்து, கடைசியில் கிரெயின் சேர்க்க வேண்டும். உடம்பின் பெரிய நிழலை அழித்துவிடாதீர்கள். அதைத் தனி லேயராக எடுத்து வைத்து, கால் இறங்கிய அளவுக்கு அதையும் இறக்குங்கள். நிழலின் தொடக்கம் பழைய இடத்திலேயே நின்றால் மேலே என்ன செய்தாலும் பொருந்தாது.

கணுக்காலுக்குத் தோல் எங்கிருந்து எடுக்கிறது? காலின் மேல்பகுதியை நீட்டிக்கலாமா?

நீட்டக் கூடாது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் தோலில் எலும்பு முனை இல்லை, தசைநார் இல்லை. இழுத்தால் வழவழப்பான குழாய்தான் வரும். முதலில் அதே ஷூட்டில் மாடல் செருப்போ சாண்டலோ போட்ட படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முன்பு சொன்ன, புதிய ஷூவைப் போட்டு எடுத்த இன்னொருவரின் கால். ஷூவையும் கணுக்காலையும் பிரிக்காமல் ஒரே துண்டாகக் கொண்டுவாருங்கள். ஒட்டு கணுக்காலில் விழக் கூடாது. கெண்டைக்கால் சதை முடிந்து கால் ஒல்லியாகும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே விழட்டும். அங்கே வடிவம் எளிமையாக இருப்பதால் 60, 70 பிக்சல் அகலத்தில் மெதுவாகக் கலந்துவிடலாம்.

அகலம் ஒத்துப்போகாவிட்டால் துண்டின் மேல்பாகத்தை மட்டும் Puppet Warp கொண்டு மாடலின் காலுக்குப் பொருத்துங்கள். கணுக்கால் எலும்பிலும் ஷூவிலும் பின்களைக் குத்தி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் வரைஞ்ச கணுக்கால் பொம்மைக் கால் மாதிரி இருக்கு. என்ன தப்பு?

பெரும்பாலும் இரண்டு எலும்பு முனைகளையும் ஒரே உயரத்தில் வைத்திருப்பீர்கள். காலின் உள்பக்க முனை மேலே, கொஞ்சம் முன்னால் இருக்கும். வெளிப்பக்க முனை அதை விடக் கீழே, பின்னால் இருக்கும். உங்கள் காலையே குனிந்து பாருங்கள், நன்றாகத் தெரியும். இடது காலின் துண்டைக் கண்ணாடி போலத் திருப்பி வலது காலுக்குப் போடலாம், தப்பில்லை. ஆனால் உள்பக்கம் தெரியும் துண்டை வெளிப்பக்கம் தெரியும் காலில் போட்டால் இந்தச் சாய்வு தலைகீழாகிவிடும்.

இரண்டாவது காரணம் ஹீல். குதிகால் மேலே போனதும் காலின் முன்பக்கத்தில் இருந்த மடிப்பு திறந்து, முழந்தாளிலிருந்து பாதம் வரை கோடு நேராகிறது. பின்பக்கத்தில் குதிகாலுக்குச் சற்று மேலே தோல் மடிந்து சிறு கீற்றுகள் விழும். கெண்டைக்கால் சதையும் சுருங்கி மேலே ஏறி உருண்டு நிற்கும். பின்பக்கக் கீற்றுகளை அழகு கருதி அழித்துவிடுகிறார்கள். பாதியாவது விட்டுவைக்க வேண்டும், குதிகால் தூக்கி நிற்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அவைதான்.

தோல் நிறம் ஒட்டு போட்ட இடத்துல மாறுது. எதை வெச்சு சரிசெய்யறது?

முகத்தையோ கையையோ பார்த்து அல்ல. ஒட்டுக்கு நேர்மேலே இருக்கும் தோலைப் பார்த்து. கால் கீழே இறங்க இறங்க வெளிச்சம் மாறிக்கொண்டே வரும், வெள்ளைத் தரை என்றால் கீழிருந்து வெளிச்சம் பிரதிபலித்து ஏறும். முதலில் வெளிச்சத்தையும் அப்புறம் நிறத்தையும் தனித்தனி Curves லேயரில் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் எது தவறு என்று பிடிபடாது. வேறொருவரின் கால் என்றால் சாக்ஸ் தடம் இருக்கிறதா என்றும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஷூவின் வாய் தோலில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தெரியுது.

ஷூவின் விளிம்புக்குத் தடிமன் உண்டு. உள்பக்கம் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ லைனிங் தெரியும். நம் படத்தில் அது ஒன்று, இரண்டு பிக்சல் கோடுதான், ஆனால் அது இல்லாவிட்டால் விளிம்பு தட்டையாகிவிடும். வெட்டும்போது Pen கொண்டு அந்தக் கோட்டுக்கு வெளியே பாதை போடுங்கள்.

விளிம்பு எல்லா இடத்திலும் தோலை ஒரே மாதிரி தொடுவதில்லை. விரல்களுக்கு மேலேயும் குதிகாலுக்குப் பின்னாலும் அழுத்தும், அங்கே தோல் லேசாகப் புடைத்து, கோட்டருகே மெல்லிய கருமை விழும். பக்கவாட்டில், உள்ளங்கால் வளைவுக்கு நேரே, ஷூ கொஞ்சம் விலகி நிற்கும். அங்கே புடைப்பு வேண்டாம், உள்ளே இருட்டு வேண்டும். ஒரே நிழலைச் சுற்றி வரைந்தால்தான் ஸ்டிக்கர் போலாகிறது.

எவ்வளவு நிழல் போட்டாலும் மாடல் மிதக்கிறார். ஏன்?

நிழல் குறைவாக இருப்பதால் அல்ல, தவறான இடத்தில் இருப்பதால். பம்ப்ஸ் தரையைத் தொடுவது இரண்டே இடத்தில்: விரல் மேட்டின் அடியில், ஹீலின் நுனியில். நடு வளைவு காற்றில் நிற்கிறது. ஷூவின் முனையும் தரையைத் தொடாது, சில மில்லிமீட்டர் மேலே வளைந்திருக்கும். பலர் முனையிலிருந்து ஹீல் வரை ஒரே கருங்கோடு போடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஷூ தரைக்குள் புதைந்தது போலவும், உடம்பு அதற்கு மேலே மிதப்பது போலவும் தெரியும்.

மூன்று அடுக்காகச் செய்யுங்கள். முதல் அடுக்கு, தொடும் இடத்தில் மட்டும் 3, 4 பிக்சல் கருங்கோடு, ஒரு பிக்சல் அளவுக்கு Gaussian Blur. முனைப் பக்கம் போகப்போக அது கரைந்து முடியட்டும். இரண்டாவது, அதைச் சுற்றி 20 முதல் 40 பிக்சல் வரை பரவும் மென்மையான கருமை. நடு வளைவின் அடியிலும் இது வரும், ஆனால் ஹீல் பக்கம் உயரம் கூடக்கூட வெளிறும். மூன்றாவது, விளக்கின் திசையில் விழும் நீண்ட நிழல், இதை முன்பு எடுத்து வைத்த உடம்பு நிழலோடு இணைக்க வேண்டும். மூன்றும் Multiply லேயரில். நிறத்தைத் தூய கருப்பாக வைக்காமல் அதே காகிதத்தில் வேறு நிழல் விழுந்த இடத்திலிருந்து எடுங்கள்.

புதிய ஷூவை அதே காகிதத்தில் நிற்கவைத்து எடுத்திருந்தால் முதல் இரண்டு அடுக்கையும் வரையவே வேண்டாம். அந்தப் படத்தின் தரையை Curves கொண்டு வெள்ளையாக ஏற்றி Multiply செய்தால் உண்மையான நிழலே வந்துவிடும். அதை மிஞ்சிக் கையால் வரைய யாராலும் முடியாது.

ஹீல் நுனி தரையில சரியா உட்கார்ந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு காலில் ஹீல் நுனியையும் மேட்டின் தொடுமிடத்தையும் கோட்டால் இணையுங்கள். அதே திசையைப் பார்த்து நிற்கும் மற்றக் காலிலும் அதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளையும் நீட்டினால் அவை கேமரா உயரத்தில், அதாவது மாடலின் இடுப்பளவில், எங்கோ தூரத்தில் சந்திக்க வேண்டும். தரைக்கு அடியில் சந்தித்தாலோ நடுவழியில் வெட்டிக்கொண்டாலோ ஒரு ஹீல் காற்றில் இருக்கிறது. பாதங்கள் வேறு வேறு திசையில் திரும்பியிருந்தால் சந்திக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோடும் ஷூவின் சாய்வோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பளபளப்பான தரை. ஷூவைத் தலைகீழாத் திருப்பி வெச்சா பிரதிபலிப்பு ஆயிடாதா?

கேமரா தரையோடு தரையாக இருந்தால் ஓரளவு ஆகும். நம்முடையது போல மேலிருந்து பார்க்கும் படத்தில் ஆகாது. பிரதிபலிப்பு என்பது தரைக்கு அடியிலிருந்து ஷூவைப் பார்த்தால் தெரிவது, அதில் அடிப்பாகம் தெரிய வேண்டும். திருப்பிப் போட்ட படத்தில் ஷூவின் மேற்புறமும் வாயும் தெரியும். மேலும் ஹீல் நுனியும் மேடும் படத்தில் வேறு வேறு உயரத்தில் இருப்பதால், ஒன்றின் பிரதிபலிப்பு பொருந்தும்போது மற்றது விலகிப் போகும்.

இதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: புதிய ஷூவைப் பளபளக்கும் அக்ரிலிக் பலகையின் மேல் நிற்கவைத்து எடுத்துவிடுங்கள். முடியாதபோது ஹீலையும் முன்பாதத்தையும் தனித்தனியாகத் திருப்பி, ஒவ்வொன்றையும் அதன் தொடுமிடத்தில் பொருத்தி, கீழே போகப்போக மங்கவிட்டு, நடுப்பகுதியை இருட்டில் கரைத்துவிடலாம். ஒப்பேற்றும் தீர்வுதான், பெரிய அச்சில் நிற்காது.

காலுக்குப் பொருந்தற மாதிரி ஷூவையே கொஞ்சம் வார்ப் பண்ணிக்கலாமா?

காலை வளையுங்கள், ஷூவை வளைக்காதீர்கள். அது விற்கப்படும் பொருள். ஹீலின் தடிமன், முனையின் கூர்மை, வாயின் வளைவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஒருவர் வாங்குகிறார். ஒன்றிரண்டு டிகிரி முழுதாகச் சுழற்றுவதும், அளவைக் கூட்டிக் குறைப்பதும் சரி. ஒரு பக்கத்தை மட்டும் இழுக்க வேண்டிய நிலை வந்தால் ஷூ படத்தின் கோணம் தவறு என்று பொருள், மேலே சொன்ன 13 டிகிரிக்குத் திரும்பிப் போங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு, ஆனா 'என்னமோ இடிக்குது'ன்னு சொல்றாங்க. எதைப் பார்க்கணும்?

ஷூவைக் கையால் மறைத்துவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். பாதம் எங்கே ஊன்றியிருக்கும் என்று மனம் ஓர் இடத்தைச் சொல்லும். கையை எடுத்தால் ஷூ அந்த இடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் தவறு 70 பிக்சல் கணக்கில் இருக்கிறது, நிழலில் இல்லை. அடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டை அலைபோல இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். நிறங்கள் கோரமாக மாறும், அதில் தரையை நிரப்பிய திட்டுகளும் தோல் ஒட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டு அந்த லேயரை அணைத்துவிடுங்கள்.

அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கூர்மையை ஒப்பிடுங்கள். ஃபேஷன் படங்களில் ஃபோகஸ் பெரும்பாலும் முகத்தில் இருக்கும், கால் ஒரு பொட்டு மங்கலாக இருக்கும். புதிய ஷூ தனியாக எடுக்கப்பட்டதால் துல்லியமாக இருக்கும். பேண்ட் நுனியின் தையலையும் ஷூவின் தையலையும் அருகருகே பெரிதாக்கிப் பார்த்து, ஷூவை அந்த அளவுக்கு மங்கவைத்து, கிரெயினைப் பொருத்துங்கள்.

எப்போ 'இது முடியாது, திரும்ப ஷூட் பண்ணுங்க'ன்னு சொல்லணும்?

மாடல் நடந்துகொண்டிருக்கும்போது ஹீல் உயரத்தைப் பெரிதாக மாற்றச் சொன்னால். தட்டை ஷூவில் நடப்பவரின் முழங்கால், இடுப்பு, அடி எடுத்து வைக்கும் நீளம் எல்லாமே ஹீல்ஸில் நடப்பவரிடமிருந்து வேறுபடும். கணுக்காலுக்குக் கீழே எவ்வளவு செய்தாலும் மேலே இருக்கும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தரையைத் தொடும் நீளப் பேண்டும் அப்படித்தான். பூட்ஸின் மேல் மடிந்து குவிந்திருக்கும் துணி, கணுக்கால் உயர்ந்தால் விரிந்து வேறு மாதிரி விழும். அந்த மடிப்புகளை வரைவதற்கு ஆகும் நேரத்தில் இடுப்புக்குக் கீழே மட்டும் மறுபடி எடுத்துவிடலாம். மாடலே வேண்டாம், அதே பேண்டும் அதே உயரமுள்ள ஒருவரும், முதல் ஷூட்டின் கேமரா உயரமும் தூரமும் எழுதி வைத்த தாளும் இருந்தால் போதும்.